ஐந்துக்கு ஒன்று: பியூரெட்டுக்குள் ஓர் எலக்ட்ரான் கணக்கு

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் நிரப்பிய பியூரெட்டைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். கத்தரிப்பூ நிறம் அடர்ந்து, கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. மற்றக் கரைசல்களுக்கெல்லாம் திரவத்தின் கீழ் வளைவைப் பார்த்து அளவு குறிப்பார்கள். இதற்கு மட்டும் மேல் விளிம்பைப் பார்க்கச் சொல்வார்கள், கீழ் வளைவு அந்த நிறத்துக்குள் மறைந்துவிடுவதால்.

கீழே கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் அளந்து விட்ட 20 மி.லி இரும்புக் கரைசல் இருக்கும். மோர் உப்பையோ பெரஸ் சல்பேட்டையோ கரைத்தது, ஏறக்குறைய நிறமற்றது. அதில் நீர்த்த கந்தக அமிலமும் தாராளமாகச் சேர்த்திருப்பார்கள். பியூரெட்டின் திருகைத் திறந்தால் ஊதாத் துளி விழுகிறது, குடுவையைச் சுழற்றியதும் நிறம் காணாமல் போகிறது. அடுத்த துளியும் அப்படியே. மணித்துளிகள் கழிந்து, ஒரு துளி மட்டும் கரையாத வெளிர் இளஞ்சிவப்பாக நின்றுவிடும். அங்கே திருகை மூட வேண்டும். குடுவையில் இருந்த இரும்பு அயனிகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன என்று அந்த நிறம் சொல்கிறது.

இரும்பை இப்படிப் பெர்மாங்கனேட்டால் அளக்கும் முறையைப் பிரான்சைச் சேர்ந்த மார்கரிட் 1846-இல் வெளியிட்டார். அப்போது எலக்ட்ரான் என்ற சொல்லே கிடையாது. ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897-இல்தான். ஆக, எவ்வளவு பெர்மாங்கனேட்டுக்கு எவ்வளவு இரும்பு என்பதை எடை போட்டுத் தெரிந்துகொண்டு அரை நூற்றாண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். ஏன் அந்த விகிதம் என்பதற்கு விடை எலக்ட்ரான் வந்த பிறகே கிடைத்தது. அந்த விடையைத் தாளில் வருவிக்கும் வழிதான் அரைவினை முறை. பாடப்புத்தகங்களில் அயனி-எலக்ட்ரான் முறை என்றும் இதற்குப் பெயர் உண்டு.

முதலில், இந்த முறை இல்லாமல் செய்தால் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். குடுவையில் நடப்பது தெரிந்ததுதான். பெர்மாங்கனேட் அயனி, நிறமற்றது என்றே சொல்லக்கூடிய மாங்கனீஸ் அயனியாக மாறுகிறது. இரண்டு நேர்மின்சுமை கொண்ட இரும்பு அயனி மூன்று நேர்மின்சுமைக்குப் போகிறது. ஒரு மாணவர் அணுக்களை மட்டும் எண்ணிச் சமன்படுத்தினால் பெரும்பாலும் இப்படி எழுதி முடிப்பார்:

MnO₄⁻ + 8H⁺ + Fe²⁺ → Mn²⁺ + 4H₂O + Fe³⁺

எண்ணிப் பாருங்கள். மாங்கனீஸ் இரண்டு பக்கமும் ஒன்று, இரும்பு ஒன்று, ஆக்சிஜன் நான்கு, ஹைட்ரஜன் எட்டு. அணுக்களில் குறையே இல்லை. ஆனால் மின்சுமையைக் கூட்டினால் இடப்பக்கம் −1, +8, +2 சேர்ந்து +9. வலப்பக்கம் +2, +3 சேர்ந்து +5. நான்கு அலகு மின்சுமை எங்கோ போய்விட்டது. அணு எப்படித் திடீரென்று மறையாதோ, அப்படியே மின்சுமையும் மறையாது. எனவே அந்தச் சமன்பாடு தவறு.

தவறு தாளோடு நிற்பதில்லை. குடுவையில் 0.1 மோலார் இரும்புக் கரைசல் 20 மி.லி என்றால் அதில் 2 மில்லிமோல் இரும்பு. பியூரெட்டில் 0.02 மோலார் பெர்மாங்கனேட். மேலே உள்ள சமன்பாட்டை நம்பினால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது 2 மில்லிமோல் பெர்மாங்கனேட் வேண்டும். அதற்கு 100 மி.லி ஊற்றியாக வேண்டும். ஆய்வக பியூரெட்டின் கொள்ளளவே 50 மி.லிதான். உண்மையிலோ 20 மி.லியிலேயே இளஞ்சிவப்பு நின்றுவிடும்.

இந்த முரணை அரைவினை முறை தீர்ப்பது ஒரே ஒரு யோசனையால்: கொடுப்பவர் கணக்கையும் வாங்குபவர் கணக்கையும் தனித்தனித் தாளில் எழுது. எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், ஏற்பது ஒடுக்கம். இரும்பு இழக்கிறது, பெர்மாங்கனேட் ஏற்கிறது. ஒவ்வொன்றையும் தனியே முழுமையாகச் சமன்படுத்திவிட்டு, பிறகு இரண்டையும் சேர்க்க வேண்டும்.

இரும்பின் பாதி எளிது. அணு ஏற்கெனவே சமம். இடப்பக்கம் +2, வலப்பக்கம் +3. வலப்பக்கத்தில் ஓர் எலக்ட்ரானைச் சேர்த்தால் இரண்டும் +2 ஆகிவிடும்:

Fe²⁺ → Fe³⁺ + e⁻

பெர்மாங்கனேட்டின் பாதியில்தான் வேலை இருக்கிறது. வெறும் எலும்புக்கூட்டை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்:

MnO₄⁻ → Mn²⁺

ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் தவிர்த்த அணுக்களை முதலில் பார்க்க வேண்டும். மாங்கனீஸ் இரண்டு பக்கமும் ஒன்றுதான், சரி. அடுத்து ஆக்சிஜன்: இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஒன்றுமில்லை. இங்கே வலப்பக்கம் O₂ என்று எழுதும் மாணவர்கள் உண்டு. குடுவையில் அப்படி எந்த வாயுக் குமிழியும் வருவதில்லை. வினை நடப்பது தண்ணீரில். பெர்மாங்கனேட்டை விட்டுக் கழன்ற ஆக்சிஜன் தண்ணீராகவே வெளியேறுகிறது. ஆகவே வலப்பக்கம் நான்கு H₂O:

MnO₄⁻ → Mn²⁺ + 4H₂O

தண்ணீரைச் சேர்த்ததும் வலப்பக்கம் எட்டு ஹைட்ரஜன் வந்துவிட்டது. அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் எந்த வடிவில் கிடைக்கிறதோ அந்த வடிவிலேயே, அதாவது H⁺ ஆக, இடப்பக்கம் எட்டைப் போட வேண்டும்:

MnO₄⁻ + 8H⁺ → Mn²⁺ + 4H₂O

இப்போது மின்சுமை. இடப்பக்கம் −1, +8 சேர்ந்து +7. வலப்பக்கம் +2. இடப்பக்கத்தை +2-க்கு இறக்க ஐந்து எலக்ட்ரான்கள் வேண்டும்:

MnO₄⁻ + 8H⁺ + 5e⁻ → Mn²⁺ + 4H₂O

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் தன்னோடு ஹைட்ரஜனைக் கொண்டுவருகிறது, அதனால் ஹைட்ரஜனைச் சரிபார்ப்பது அதற்குப் பிறகே முடியும். H⁺ தன்னோடு மின்சுமையைக் கொண்டுவருகிறது, அதனால் எலக்ட்ரானை எண்ணுவது அதற்கும் பிறகு. எலக்ட்ரான் வேறு எதையும் கொண்டுவராது. கடைசியில் அதைச் சேர்த்தால் முன்னால் செய்த எதுவும் கலையாது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆக்சிஜனேற்ற எண் என்று எதையும் இதுவரை கணக்கிடவே இல்லை. ஐந்து என்பது மின்சுமையைச் சமன்செய்ததில் தானாக வந்த எண். சந்தேகம் இருந்தால் அதை வேறு வழியில் சோதிக்கலாம்: பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸின் ஆக்சிஜனேற்ற எண் +7, முடிவில் +2, வித்தியாசம் ஐந்து. இரண்டு வழியும் ஒரே எண்ணைத் தந்தால் அரைவினை சரி. தராவிட்டால், பெரும்பாலும் நான்கு தண்ணீருக்கு எட்டு ஹைட்ரஜன் போடாமல் நான்கு போட்டிருப்பார்கள்.

இனிச் சேர்க்க வேண்டியதுதான். ஓர் இரும்பு தருவது ஓர் எலக்ட்ரான். ஒரு பெர்மாங்கனேட் கேட்பது ஐந்து. எனவே இரும்பின் வரியை ஐந்தால் பெருக்கிக் கூட்டினால், இரண்டு பக்கமும் ஐந்து எலக்ட்ரான்கள் நின்று அடிபட்டுப் போகும்:

MnO₄⁻ + 8H⁺ + 5Fe²⁺ → Mn²⁺ + 4H₂O + 5Fe³⁺

மின்சுமை இடப்பக்கம் −1, +8, +10 சேர்ந்து +17; வலப்பக்கம் +2, +15 சேர்ந்து +17. முடிந்தது. பியூரெட்டின் கணக்கும் பொருந்திவிட்டது: 0.02 மோலார் கரைசல் 20 மி.லியில் 0.4 மில்லிமோல் பெர்மாங்கனேட்; அதன் ஐந்து மடங்கு 2 மில்லிமோல் இரும்பு. எடையில் சொன்னால் ஏறக்குறைய 112 மில்லிகிராம். ஒன்றுக்கு ஒன்று என்று எழுதியவருக்கு அதே பியூரெட் அளவிலிருந்து 22 மில்லிகிராம்தான் கிடைக்கும். குடுவையில் இருந்த இரும்பில் ஐந்தில் நான்கு பங்கு அவருடைய கணக்கில் காணாமல் போயிருக்கும்.

அப்படியானால் அணுவோடு மின்சுமையையும் சேர்த்துச் சரிபார்த்தால் போதுமே, எதற்குப் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு புட்டியில் இருக்கிறது.

பெராக்சைடின் வீரியத்தையும் இதே ஊதாக் கரைசலால்தான் அளக்கிறார்கள். அமிலம் சேர்த்த பெராக்சைடில் பெர்மாங்கனேட் விழுந்தால் நிறம் மறைவதோடு ஆக்சிஜன் வாயுவும் பொங்கி வரும். இந்த வினைக்கு மூன்று சமன்பாடுகளைப் பாருங்கள்:

2MnO₄⁻ + H₂O₂ + 6H⁺ → 2Mn²⁺ + 3O₂ + 4H₂O

2MnO₄⁻ + 3H₂O₂ + 6H⁺ → 2Mn²⁺ + 4O₂ + 6H₂O

2MnO₄⁻ + 5H₂O₂ + 6H⁺ → 2Mn²⁺ + 5O₂ + 8H₂O

மூன்றிலும் எல்லா அணுக்களும் சமம். மூன்றிலும் இரண்டு பக்க மின்சுமையும் +4. எண்ணிப் பார்த்துச் சமன்படுத்துபவருக்கு முதலில் அகப்படுவது சிறிய எண்கள் கொண்ட முதல் வரிதான். ஆனால் மூன்றில் ஒன்றே ஒன்றுதான் ஆய்வக அளவோடு பொருந்தும்.

இந்தக் குழப்பம் பெராக்சைடின் ஒரு குணத்தால் வருகிறது. அது யார் துணையும் இல்லாமல் தானே சிதைந்து தண்ணீரும் ஆக்சிஜனும் ஆகக்கூடியது. இரண்டு H₂O₂ போனால் இரண்டு H₂O, ஓர் O₂. இந்தச் சிதைவை ஒரு முறை சேர்த்தாலும், இரண்டு முறை சேர்த்தாலும் சமன்பாடு சமன்பாடாகவே இருக்கும். முதல் வரியோடு அதைச் சேர்த்தால் இரண்டாம் வரி வரும், இன்னொரு முறை சேர்த்தால் மூன்றாவது. அணுவையும் மின்சுமையையும் மட்டும் பார்ப்பவருக்கு எது அசல் என்று சொல்ல வழியே இல்லை.

அரைவினை எழுதினால் வழி பிறக்கிறது. பெராக்சைடு இங்கே எலக்ட்ரான் கொடுப்பவர்:

H₂O₂ → O₂ + 2H⁺ + 2e⁻

ஒரு பெராக்சைடு இரண்டு எலக்ட்ரான் தருகிறது, ஒரு பெர்மாங்கனேட் ஐந்து கேட்கிறது. இரண்டுக்கும் ஐந்துக்கும் பொதுவான எண் பத்து. ஆக இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து பெராக்சைடு. கூட்டும்போது இடப்பக்கம் பதினாறு H⁺, வலப்பக்கம் பத்து. அடித்தால் மிச்சம் ஆறு. மூன்றாம் வரி அப்படியே வந்து நிற்கிறது, மற்ற இரண்டுக்கும் இடமே இல்லை. முதல் வரியில் ஒரே ஒரு பெராக்சைடு போய் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகள் வந்திருந்தன. அவற்றில் இரண்டு, பெராக்சைடிலிருந்து வந்திருக்கவே முடியாது. எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்துச் செய்த ஆய்வுகளில், வெளிவரும் வாயு முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. தாளில் எழுதிய பாதி வினை சொன்னதும் அதுவேதான்.

கந்தக அமிலத்தை ஏன் தாராளமாகச் சேர்க்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கும். ஒரு பெர்மாங்கனேட் எட்டு H⁺ கேட்கிறது. அமிலம் போதாவிட்டால் மாங்கனீஸ் +2 வரை இறங்காமல் +4-இலேயே நின்று, மாங்கனீஸ் டை ஆக்சைடு என்ற பழுப்புப் பொருளாகப் படிந்துவிடும். தரம்பார்க்கும்போது குடுவை தேநீர் நிறத்தில் கலங்கினால் அதுதான் நடந்திருக்கிறது. அந்த அளவீட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும், ஏனென்றால் ஐந்து எலக்ட்ரான் கணக்கு அங்கே செல்லாது. பெர்மாங்கனேட் பட்ட விரல்களில் மறுநாள் தெரியும் பழுப்புக் கறையும் இதே பொருள்தான்.

அமிலம் இல்லாத, காரத்தன்மை உள்ள கரைசலில் அந்தப் பழுப்புதான் இயல்பான விளைபொருள். அங்கே H⁺ என்று எழுதி முடித்துவிட முடியாது, கரைசலில் இருப்பது OH⁻. ஆனாலும் முறை மாறுவதில்லை. முதலில் அமிலக் கரைசல் என்றே பாவித்து அரைவினையை எழுதிவிட வேண்டும்:

MnO₄⁻ + 4H⁺ + 3e⁻ → MnO₂ + 2H₂O

பிறகு எத்தனை H⁺ இருக்கிறதோ அத்தனை OH⁻ இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். இடப்பக்கம் நான்கு H⁺-உம் நான்கு OH⁻-உம் சேர்ந்து நான்கு தண்ணீராகும். வலப்பக்கம் ஏற்கெனவே இரண்டு தண்ணீர் இருப்பதால், பொதுவானதை அடித்துவிட்டால் இது மிஞ்சும்:

MnO₄⁻ + 2H₂O + 3e⁻ → MnO₂ + 4OH⁻

இடப்பக்கம் −4, வலப்பக்கம் −4. OH⁻-ஐ ஒரு பக்கம் மட்டும் சேர்த்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நேரும் பிழை. மின்சுமையைக் கூட்டிப் பார்த்த உடனேயே அது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பாதிகள் கணக்குக்காகக் கற்பித்துக்கொண்டவைதானே, உண்மையில் வினை ஒன்றாகத்தானே நடக்கிறது என்று தோன்றலாம். குடுவைக்குள் ஒன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் பிரித்தும் நடத்திக் காட்டலாம். ஒரு பீக்கரில் அமிலம் கலந்த பெர்மாங்கனேட், இன்னொன்றில் இரும்புக் கரைசல். இரண்டிலும் ஆளுக்கொரு பிளாட்டினம் கம்பி. பீக்கர்களை உப்புப் பாலத்தால் இணைத்து, கம்பிகளுக்கு நடுவே மின்கருவியை வைத்தால் முள் நகரும். பெர்மாங்கனேட்டும் இரும்பும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனாலும் இரும்பு விட்ட எலக்ட்ரான் கம்பி வழியே ஓடி அடுத்த பீக்கருக்குப் போகிறது. மின்னோட்டம் நீடிக்க நீடிக்க ஊதா வெளுக்கிறது. தாளில் தனித்தனியாக எழுதிய இரண்டு வரிகள் மேசை மேல் தனித்தனிப் பாத்திரங்களில் நடக்கின்றன. திட்ட நிலைகளில் பெர்மாங்கனேட் பாதியின் மின்னழுத்தம் 1.51 வோல்ட், இரும்புப் பாதிக்கு 0.77; இடைவெளி 0.74 வோல்ட்.

இந்த முறையால் சொல்ல முடியாதவையும் உண்டு. விளைபொருள் என்ன என்று அது கண்டுபிடித்துத் தராது. பெர்மாங்கனேட் Mn²⁺ ஆகுமா, பழுப்பாகுமா என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேகத்தையும் அது சொல்லாது. ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது குடுவையை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கச் சொல்கிறார்களே, அந்தச் சூட்டுக்கான காரணம் சமன்பாட்டில் எங்கும் இல்லை. சூடாக்காவிட்டால் முதல் துளி நிறம் மாறாமல் நெடுநேரம் நிற்கும். அவசரப்பட்டு அதையே முடிவுநிலை என்று குறித்துவிட்டால் அளவே தவறிப்போகும். அதே போல, கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடிடமிருந்தும் எலக்ட்ரானை வாங்கத் தொடங்கும், பியூரெட் அளவு கூடிவிடும். இரும்பின் அரைவினை எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் அந்தப் பிழையை அது காட்டாது.

படித்ததைக் கையோடு சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் பெர்மாங்கனேட்டின் இடத்தில் டைகுரோமேட்டை வைத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிற Cr₂O₇²⁻ அமிலத்தில் பச்சை நிற Cr³⁺ ஆகிறது. எலக்ட்ரான் தருவது அதே இரும்பு அயனிதான். ஒரே எச்சரிக்கை: ஆக்சிஜனைத் தொடும் முன் குரோமியத்தைச் சமன்படுத்துங்கள், இடப்பக்கம் இரண்டு இருக்கிறது. கடைசி வரியில் இரும்புக்கு முன்னால் 6 வந்து, இரண்டு பக்க மின்சுமையும் +24 என்று நின்றால், நீங்கள் எழுதியது சரி.